சிவப்புப் பட்டி எது, பச்சைப் பட்டி எது?

"அண்ணா, எங்கட கடையின் அடையாள நிறங்கள் சிவப்பும் பச்சையும். ஏஐயில் செய்த படங்களில் இந்த இரண்டும் நிறக்குருடு உள்ளவர்களுக்கு வேறுவேறாகத் தெரியுமா என்று எப்படிப் பார்க்கிறது?"

தங்கச்சி, நிற எண்ணை வைத்துப் பார்க்காதீங்கோ, வந்த படத்தை வைத்துப் பாருங்கோ. நிற எண்ணைக் கொடுத்தாலும் ஏஐ அதை அப்படியே போடுவதில்லை. வெளிச்சமும் நிழலும் சேர்ந்து நிறம் மாறிவிடும்.

பனம்பொருள் கடை ஒன்றுக்கு நான் செய்த படத்தைச் சொல்கிறேன். ஒரே மாதிரி இரண்டு பை. ஒடியல் மாவுக்குச் சிவப்புப் பட்டி, புழுக்கொடியல் மாவுக்குப் பச்சைப் பட்டி. கீழே "கூழுக்குச் சிவப்புப் பட்டி" என்று எழுதியிருந்தோம். வாங்க வந்த ஒரு ஐயா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் எது தம்பி சிவப்பு?" என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாகப் போய்விட்டது.

அன்றைக்கே அந்தப் படத்தில் இரண்டு பட்டியின் நிறத்தையும் தொட்டு எடுத்தேன். சிவப்பு #C62828, பச்சை #2E7D32. வெளிச்ச வேறுபாட்டைக் கணக்கிட்டால் 1.1:1 தான் வருகிறது. WCAG என்ற அணுகல் வழிகாட்டி, படத்தில் விளங்கவேண்டிய பகுதிகளுக்குக் குறைந்தது 3:1 கேட்கிறது. நமக்கு அந்தப் பட்டிகளைப் பிரித்துக் காட்டியது நிறம் மட்டும்தான். அது போனால் இரண்டும் ஒரே மாதிரி மங்கல் பழுப்பு.

சரி, எதை மாற்றுவது? இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். சிவப்பை வெளிறச் செய்யக்கூடாது. சிவப்பை உணராத வகை நிறக்குருட்டில் சிவப்பு நமக்குத் தெரிவதைவிட இருண்டு தெரியும். நீங்கள் கூட்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போய்ச் சேராது. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் நல்ல வேறுபாடு இருப்பதுபோலத் தெரியும், அந்தக் கண்ணுக்கு இராது. அதனால் சிவப்பை அப்படியே விட்டு, பச்சையை #A5D6A7 என்ற வெளிர்பச்சைக்குக் கொண்டுபோனேன். வேறுபாடு 3.4:1 ஆனது. சிவப்பு இருண்டு தெரிகிறவர்களுக்கு இடைவெளி இன்னும் கூடும்.

அந்தக் கணக்கு சாதாரணக் கண்ணுக்கானது. அதனால் பிறகு போட்டோஷொப்பில் View > Proof Setup போய், Color Blindness என்று வரும் இரண்டு வகையிலும் பார்க்கவேண்டும். இரண்டையும் பாருங்கோ, ஒன்றில் தப்பியது மற்றதில் மாட்டலாம். பட்டியில் நிழல் விழுந்த பக்கத்தையும் தொட்டு எடுங்கோ. எங்கட படத்தில் வெளிர்பச்சை நிழலுக்குள் திரும்பவும் கடும்பச்சையாகி, பையின் ஓரம் மட்டும் கலந்துபோய் இருந்தது. அந்த இடத்தை மட்டும் கையால் வெளுக்கவேண்டி வந்தது.

அப்புறம், பட்டியின் மேல் "ஒடியல்", "புழுக்கொடியல்" என்று எழுதிவிட்டோம். அதை ஏஐயிடம் விடவில்லை, தமிழ் எழுத்தைக் குழப்பிவிடும் என்று கடைசியில் நானே போட்டேன்.