கடிதத்தால் ஆண்டதும் கணக்கால் ஆண்டதும்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து வந்திருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களே, வணக்கம்.

"உரோமப் பேரரசும் சீனத்து ஹான் பேரரசும் தூர மாகாணங்களை நிர்வகித்த முறைகளை ஒப்பிட்டு வேறுபடுத்துக" என்ற வினாவுக்கு, உரோமில் அதிகாரம் பரவியிருந்தது, சீனாவில் குவிந்திருந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடும் விடைகளே அதிகம். அது தவறன்று; ஆனால் தலைநகருக்கு மாகாணத்தைப் பற்றி என்ன தெரியும், அதை யார் சொன்னார்கள் என்று கேட்டால்தான் வேறுபாடு துலங்கும். இரு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கி.பி. 110ஐ அண்டி, இன்றைய துருக்கியின் வடக்கிலிருந்த பித்தினியா-பொந்துஸ் மாகாணத்துக்கு டிராஜன் பேரரசர் பிளினியை ஆளுநராக அனுப்பினார். அங்கே வரி திரட்டுவதும் கட்டடம் எழுப்புவதும் நகரசபைகளின் வேலை. சபையில் இருந்தவர்கள் உள்ளூர்ச் செல்வந்தர்கள். ஆளுநரிடம் சிறு குழுவும் கொஞ்சம் படைவீரருமே இருந்தனர். நிக்கோமீடியா நகரம் ஒரு நீர்க்கால்வாய்க்கு 33,18,000 செஸ்டர்ஸ் நாணயங்கள் செலவிட்டு, அதைப் பாதியில் கைவிட்டு, இடித்தும்விட்டது என்று பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார். பக்கத்து நகரத்தை முந்த வேண்டும் என்ற போட்டியில் பொதுப்பணம் கரைவது இந்த முறைக்கே உரிய நோய். புரூசா என்ற மற்றொரு நகரத்தின் கட்டடவேலைக் கணக்குகளைச் சரிபார்க்க ஓர் அளவையாளரை அனுப்புமாறு அவர் வேண்டியபோது, உரோமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடக்கும் வேலைகளுக்கே ஆட்கள் போதவில்லை, உமது மாகாணத்திலேயே தேடிக்கொள்ளும் என்று பதில் வந்தது. உலகின் பெரும் பேரரசுகளுள் ஒன்றால் ஓர் அளவையாளரை அனுப்ப முடியவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நிக்கோமீடியாவில் பெருந்தீ மூண்டு பல வீடுகள் எரிந்த பின், 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்கலாமா என்று பிளினி கேட்டார். எந்தப் பெயரில் கூடினாலும் அது விரைவில் அரசியற் கூட்டமாகிவிடும் என்று டிராஜன் மறுத்து, கருவிகளை மட்டும் வாங்கி வைக்கச் சொன்னார். செல்வந்தரை நம்பி ஆண்ட அரசு, அவர்களுக்குக் கீழே மக்கள் தாமாகத் திரள்வதை அஞ்சியது.

இனிச் சீனத்துக்கு வருவோம். 1993இல் இன்றைய ஜியாங்சு மாகாணத்தின் யின்வானில், கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அதிகாரி ஒருவரின் கல்லறையில் எழுத்துப் பொறித்த மரப்பலகைகள் கிடைத்தன. தொங்ஹாய் என்ற ஹான் காலத்து மாகாணத்தின் ஆண்டுக் கணக்கு அவற்றுள் ஒன்றில் உள்ளது: 2,66,290 குடும்பங்கள், 13,97,343 மக்கள், 2,203 அலுவலர்கள். ஏறத்தாழ 630 பேருக்கு ஓர் அலுவலர். பிளினி கனவிலும் காணாத எண்ணிக்கை இது. ஆளுநரும் மாவட்டத் தலைவர்களும் வேற்று மாகாணத்தவராகவே இருக்க வேண்டும் என்பது விதி. சொந்த ஊரில் உறவுக்கும் சொத்துக்கும் பணியக்கூடாது என்பதற்காக. கீழ்நிலை அலுவலரோ உள்ளூரார். நமது கச்சேரியில் அரசாங்க அதிபர் மாறிக்கொண்டிருக்க, எழுதுவினைஞர் அதே மேசையில் இருப்பதைப் போன்றது இது. கணக்கு உண்மையில் யார் கையில் இருந்தது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? தொங்ஹாயில் 90 வயதைக் கடந்தவர்கள் 11,670 பேர் என்கிறது பலகை. அதாவது ஏறத்தாழ 120 பேருக்கு ஒருவர். இன்றைய மருத்துவ வசதிகொண்ட நாடுகளிலேயே எதிர்பார்க்கக்கூடிய விகிதம் இது. முதியோர் உள்ள வீட்டுக்கு வரிச்சலுகை இருந்தது. குடித்தொகை கூடினால் ஆளுநருக்கு நற்பெயர். வயதைக் கூட்டி எழுத வீட்டாருக்கும், ஏற்றுக்கொள்ள அலுவலருக்கும் காரணம் இருந்தது என்பது பல ஆய்வாளரின் ஐயம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. உரோமுக்குத் தகவல் போதாமை தொல்லை தந்தது. ஹான் அரசுக்குத் தகவல் தாராளமாக வந்தது, ஆனால் அதை எழுதியவர்களுக்கு அதில் ஆதாயம் இருந்தது.

விடை எழுதும்போது இரு எச்சரிக்கைகள் வேண்டும். பிளினியின் பித்தினியாவை முழு உரோமாகக் கொள்ளாதீர்கள்: எகிப்தில் 14 ஆண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டது, கிராம எழுத்தரும் இருந்தனர். தொங்ஹாயும் எல்லைப்புறமன்று. பதிவேட்டில் அடங்கும் உழவர் இல்லாத இடத்தில் ஹான் முறை தடுமாறியது. ஹைனான் தீவில் கி.மு. 110இல் அமைத்த ஆட்சியை, ஓயாத கிளர்ச்சிகளால் கி.மு. 46இல் முற்றாகக் கைவிட்டார்கள். அத்தகைய இடங்களில் உரோம் யூதேயாவில் ஏரோதை வைத்ததுபோல் ஓர் உள்ளூர் மன்னனை நிறுத்தி, கணக்கெடுக்கும் வேலையை ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போட்டது.