கோபத்தில் எழுதிய மெயிலை அனுப்பாமல் வைத்தேன்

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். மணி ஏழரை ஆகியும் தரை இன்னும் சுடுகிறது, வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் ஆபீஸில் ஒரு சண்டை மெயில் எழுதினேன், அது எப்படி வேறு மெயிலாக மாறியது என்று காட்டச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மெயில் இங்கிலீஷில் போனது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங்கில் இருக்கிறேன். தோலைப் பதப்படுத்தி, கலர் ஏற்றி அனுப்புவது எங்களுடைய இன்னொரு யூனிட். அங்கே டெலிவரி பார்ப்பவர் என்னைவிட இருபது வருஷம் சீனியர். எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம்மா” என்பார். தேதி மட்டும் லேசில் சொல்ல மாட்டார்.

மே 6 காலை 9 மணிக்கு 3,000 சதுர அடி கறுப்புத் தோல் வர வேண்டும். வந்தது 7-ஆம் தேதி மதியம் 3.40-க்கு, அதுவும் 2,400 தான். அன்று ராத்திரி சாப்பிடாமல்கூட லேப்டாப்பைத் திறந்து இதை எழுதினேன்:

“சார், ஒவ்வொரு தடவையும் உங்களால்தான் லேட். நேற்று வர வேண்டியது இன்றைக்கு வருகிறது, அதுவும் குறைவாக. கட்டிங்கில் 12 பேர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தார்கள். உங்களுக்கு எங்கள் ஷிப்மென்ட் பற்றிக் கவலையே இல்லை. இதற்கு மேல் நான் பொறுப்பில்லை.”

சிசியில் எங்கள் மேனேஜர், அவருடைய மேனேஜர், ஜிஎம். நல்ல வேளை, அனுப்பவில்லை. அப்புறம் ‘டு’, ‘சிசி’ இரண்டையும் காலி செய்து டிராஃப்டில் போட்டுவிட்டுத் தூங்கினேன். அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கலாம் என்று நம்பாதீர்கள். ஜிமெயிலில் அதிகபட்சம் 30 வினாடிதான்.

மறுநாள் பஸ்ஸில் ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் போகும்போது போனில் திறந்து படித்தேன். ஒரே ஒரு கேள்விதான் வைத்துக்கொண்டேன்: இந்த வரிக்கு என்னிடம் என்ன பேப்பர் இருக்கிறது?

“ஒவ்வொரு தடவையும்” என்பதற்கு கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். கடைசி நான்கு லாட்டில் இரண்டு சரியான நேரத்துக்கு வந்திருக்கின்றன. எனக்கு அது நினைவிலேயே இல்லை! நான் “ஒவ்வொரு தடவையும்” என்று அனுப்பியிருந்தால், அவர் அந்த இரண்டைக் காட்டியே மொத்த மெயிலையும் ஒன்றுமில்லாமல் செய்திருப்பார்.

“12 பேர் நாள் முழுக்க” என்பதைக் கட்டிங் சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். “ரெண்டு மணி நேரம்தாம்மா, 11 மணிக்கு லைனிங் வெட்டப் போட்டுட்டேன்” என்றார். ஆக, 9-லிருந்து 11 வரை, 12 பேர். இது சின்னதாகத் தெரிகிறது, ஆனால் யாராலும் அசைக்க முடியாத கணக்கு.

2,400 என்பதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அளவு போட்டிருக்கும் இல்லையா, ஸ்டோர்ஸில் கூட்டிப் பார்த்து சலானிலேயே எழுதியிருந்தார்கள்.

“கவலையே இல்லை” என்பதற்குப் பேப்பர் கிடையாது. அவர் மனசுக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வரி போய்விட்டது. “நேற்று”, “இன்றைக்கு” இரண்டும் போயின. மூன்று மாதம் கழித்துப் படிப்பவருக்கு எந்த நேற்று?

இதையெல்லாம் தேடும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும் ஒன்று கிடைத்தது. கலர் சாம்பிளுக்கு ஓகே சொல்லி நான் அனுப்ப வேண்டியது மே 2. அனுப்பியது மே 3 சாயங்காலம். அய்யோ, தப்பு நம்ம பக்கமும் இருக்கிறதே என்று விட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் தொடர்ந்து பார்த்தால், மே 4 அன்று அவரே “6-ஆம் தேதி காலை 9 மணி உறுதி” என்று மெயில் போட்டிருக்கிறார். அதாவது என் தாமதம் தெரிந்த பிறகு கொடுத்த தேதி அது. இரண்டையும் எழுதினால் போதும், எதையும் மறைக்க வேண்டாம்.

அனுப்பும் முன்னால் போன் செய்தேன். “பாத்துக்கலாம்மா.” சரி. இதுதான் 8-ஆம் தேதி போன மெயில், அவருக்கு மட்டும், சிசியில் என் மேனேஜர் ஒருவர்:

பொருள்: கறுப்புத் தோல் லாட் 1, மீதி 600 சதுர அடி மே 9 மதியம் 12-க்குள் தேவை

“வணக்கம் சார்,
மே 8 காலை 10.20-க்குப் போனில் பேசியது பற்றி எழுதுகிறேன்.
கலர் ஒப்புதலை நாங்கள் மே 2-க்குப் பதில் மே 3 மாலை கொடுத்தோம். அதன்பின் மே 4 மெயிலில் லாட் 1, 3,000 சதுர அடி, மே 6 காலை 9 மணிக்கு வரும் என்று உறுதி செய்தீர்கள். மே 7 மதியம் 3.40-க்கு 2,400 சதுர அடி வந்தது. சலான் இணைத்துள்ளேன்.
இதனால் மே 7 காலை 9 முதல் 11 வரை கட்டிங்கில் 12 பேருக்கு வேலை இல்லை.
மீதி 600 சதுர அடி மே 9 மதியம் 12-க்குள் வேண்டும். முடியாது என்றால் எந்தத் தேதி, நேரம் என்று மே 8 மாலை 4 மணிக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இந்த ஆர்டரின் தையல் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று 4.30-க்கு புரொடக்‌ஷனுக்குத் தெரிவிப்பேன்.”

அந்தக் கடைசி வரியைப் பலர் மிரட்டல் என்று நினைப்பார்கள். நான் என்ன செய்வேன் என்பதுதான் அதில் இருக்கிறது. “மேலிடத்துக்குக் கொண்டு போவேன்” என்று எழுதியிருந்தால்தான் மிரட்டல். அதே மாதிரி “முடிந்தால் கொஞ்சம் பாருங்கள்” என்று குழைந்தும் எழுதவில்லை. நம் ஆபீஸ்களில் “கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” என்று ஒரு வாக்கியம் உண்டே, யார், என்ன, எப்போது என்று மூன்றுமே அதில் கிடையாது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஜிஎம்மை ஏன் எடுத்தேன் என்றால், முதல் மெயிலிலேயே அவர் இருந்தால் இவர் தோலைத் தேடுவதை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பதில் எழுதுவார். பிசிசி மட்டும் போடவே போடாதீர்கள். மறைவாக வைத்தவர் ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது வேலைத் தகராறுக்கான முறை. யாராவது உங்களிடம் அசிங்கமாகப் பேசினால், மேலே கை வைத்தால், இப்படி அவருக்கே மெயில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது நேராகப் புகார் கமிட்டிக்குப் போக வேண்டிய விஷயம்.

பதில் 3.30-க்கு வந்தது. இரண்டே வரி: “400 நாளை 11 மணிக்கு. 200 மே 10 காலை.” கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் “பாத்துக்கலாம்மா” இல்லாமல் தேதியும் நேரமும் வந்தது. அதை வைத்துத் தையலை மாற்றிப் போட்டுவிட்டோம்.

போன வாரம் அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, “அக்கா, மே மாசம் ஓவர்டைம் ஏன் இவ்வளவு?” என்றான். அந்த மெயிலை ஃபார்வர்டு செய்தேன். படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விட்டான். அந்தப் பழைய டிராஃப்ட் இன்னும் அப்படியே கிடக்கிறது, இந்த வீடியோ முடிந்ததும் அழித்துவிடுகிறேன்.