மூடிய கம்பெனியின் வரிப் பாக்கி, இயக்குநரின் வீட்டு முகவரிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மூடிப் போன ஒரு தனியார் கம்பெனியின் வருமான வரிப் பாக்கிக்காக, அதில் ஒரு காலத்தில் இயக்குநராக இருந்தவருக்கு அவருடைய சொந்தப் பெயரில் வருகிற நோட்டீசைப் பற்றியும், அதற்குப் பதில் எழுதும் முறையைப் பற்றியும் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் தொழிலில் இத்தகைய நோட்டீசுகள் என் மேசைக்கு அவ்வப்போது வருவதுண்டு. அவற்றில் ஒன்றை, அடையாளங்களையும் தொகைகளையும் மாற்றி, முழுவதுமாக உங்கள் முன் வைக்கிறேன்.

கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கான வார்ப்புப் பாகங்கள் செய்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி அது. மூன்று பேர் இயக்குநர்கள். அவர்களில் ஒருவர் 2015 மார்ச் 10 அன்று ராஜினாமா செய்து விலகினார். கம்பெனி வாங்கிய கடன் திரும்பி வராததால் 2017-இல் வங்கி தொழிற்கூடத்தைக் கையகப்படுத்தி ஏலத்தில் விற்றது. 2018-இல் கம்பெனிப் பதிவாளர் அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார். பிறகு, 2023-இல், விலகிய அந்த நண்பரின் வீட்டுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. மதிப்பீட்டு ஆண்டு 2015-16-க்கு 18 லட்சம், 2016-17-க்கு 31 லட்சம், ஆக 49 லட்சம் ரூபாயை உங்களிடமிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது என்று பத்து நாளில் விளக்கம் தரும்படி அதில் கேட்டிருந்தார்கள்.

அவர் பதிலைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் இரண்டே வரிகள். கம்பெனி இப்போது இல்லை. நானும் 2015 மார்ச்சிலேயே விலகிவிட்டேன். இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் வரியால் பயனில்லை. இரண்டாவது வரி பாதித் தொகைக்கு மேல் காப்பாற்றுமே தவிர, முழுத் தொகைக்கும் காவலாகாது. அதை அப்படியே அனுப்பியிருந்தால், பேச வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுகூடப் பதிவாகாமல் உத்தரவு வந்திருக்கும்.

முதல் வரியைப் பார்ப்போம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினால் கடன்களும் சேர்ந்து நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 248-ஆவது பிரிவு, பெயர் நீக்கப்பட்ட பின்னும் இயக்குநர்களின் பொறுப்பு தொடரும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வர வேண்டியதை வசூலிக்கவும் தர வேண்டியதைத் தீர்க்கவும் அந்தக் கம்பெனி உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 250-ஆவது பிரிவு. இந்தக் கடைசிப் பகுதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது இயக்குநரின் பக்கமே பேசப் போகிறது.

இனி, நோட்டீசுக்கு வேராக இருக்கும் விதி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு அது. அந்தச் சட்டம் ஆண்ட ஆண்டுகளுக்கான பாக்கிக்கு அந்தப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். தனியார் கம்பெனியிடமிருந்து வர வேண்டிய வரியை வசூலிக்க முடியாமல் போனால், அந்த வருமானம் ஈட்டப்பட்ட ஆண்டில் எப்போதாவது இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும், கூட்டாகவும் தனித்தனியாகவும் அதற்குப் பொறுப்பாவார்கள். வரி வசூலாகாமல் போனதற்குத் தம்முடைய பெரும் அலட்சியமோ, முறைகேடோ, கடமை தவறியதோ காரணமல்ல என்று இயக்குநர் நிரூபித்தால் மட்டுமே விடுதலை. தனித்தனியாக என்பதற்குப் பொருள், மூன்று பேரில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதுதான். வரி என்ற சொல்லுக்குள் வட்டியும் அபராதமும் அடங்கும் என்று 2013-இல் விளக்கம் சேர்க்கப்பட்டது. இத்தனை ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் சொல்லப்படவில்லை. அதனால்தான் விலகி எட்டு ஆண்டு கழித்தும் தபால் வருகிறது.

அந்த 179-ஆவது பிரிவுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நல்ல பதில் என்பது அந்த மூன்றுக்கும் வரிசையாக விடை சொல்வதுதான்.

முதல் கேள்வி, அந்த ஆண்டில் நீங்கள் இயக்குநராக இருந்தீர்களா என்பது. இங்கேதான் நண்பர் தடுக்கினார். மதிப்பீட்டு ஆண்டு 2015-16 என்பது 2015 ஏப்ரலில் தொடங்குகிறது, நான் மார்ச்சிலேயே விலகிவிட்டேன், ஆகவே இரண்டு ஆண்டுகளும் எனக்குச் சம்பந்தமில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் சட்டம் பார்ப்பது மதிப்பீட்டு ஆண்டை அல்ல. வருமானம் ஈட்டப்பட்ட முந்தைய ஆண்டை. மதிப்பீட்டு ஆண்டு 2015-16-க்கு அது 2014 ஏப்ரல் முதல் 2015 மார்ச் வரை. அந்த ஆண்டில் அவர் ஏறத்தாழ முழுவதும் இயக்குநராகவே இருந்திருக்கிறார். ஒரே ஒரு நாள் இருந்திருந்தாலும் போதும், விதி அவரைத் தொடும். 31 லட்சத்துக்கான முந்தைய ஆண்டோ 2015 ஏப்ரலில் தொடங்குகிறது. அதில் அவர் இல்லவே இல்லை.

இல்லை என்பதைக் காகிதத்தால் காட்ட வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 168-ஆவது பிரிவின்படி, ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் குறித்த நாள் இவற்றில் எது பிந்தியதோ அதுவே விலகிய நாள். ஆகவே கடிதத்தின் நகல், அது கம்பெனிக்குக் கிடைத்ததற்கான ஒப்புதல், கம்பெனி பதிவாளரிடம் தாக்கல் செய்த DIR-12 படிவம், அதற்குப் பணம் கட்டிய சலான் ஆகியவை வேண்டும். கம்பெனி அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யாமலே விட்டிருந்தால், பதிவேட்டில் உங்கள் பெயர் இன்னும் இயக்குநராகவே நிற்கும். அப்போது கையெழுத்திட்ட ஒப்புதலோ அந்நாளைய மின்னஞ்சலோதான் உங்களுக்குத் துணை. நண்பரிடம் நல்லவேளையாகச் சலான் இருந்தது. பீரோவில், மகளின் பள்ளிக் கட்டண ரசீதுகளுக்கு நடுவே கிடைத்தது.

இரண்டாவது கேள்வி, கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியவில்லை என்பது உண்மையா. இந்த நிபந்தனை நிறைவேறிய பிறகுதான் இயக்குநரிடம் வரவே முடியும். கம்பெனியிடம் என்னென்ன முயற்சி செய்தோம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் இயக்குநர்மீது பாய்ந்த நடவடிக்கைகளை, குஜராத், மும்பை உயர் நீதிமன்றங்கள் உட்படப் பல நீதிமன்றங்கள் செல்லாது என்று தள்ளியிருக்கின்றன. நண்பருக்கு வந்த நோட்டீசில், பாக்கி வசூலாகவில்லை என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. வசூலாகவில்லை என்பது வேறு, வசூலிக்க முடியவில்லை என்பது வேறு. எந்த வங்கிக் கணக்கை முடக்கினீர்கள், எந்தக் கடனாளிக்குக் கடிதம் எழுதினீர்கள், வசூல் அதிகாரியின் அறிக்கை எங்கே என்று பதிலிலேயே கேட்டு, மதிப்பீட்டு உத்தரவு, கேட்பு நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்களையும் கோரினோம்.

கேட்டதோடு நிற்கவில்லை. கம்பெனி மின்வாரியத்தில் கட்டிய வைப்புத்தொகை சுமார் 4 லட்சம் ரூபாய் திரும்பப் பெறப்படாமலே கிடந்தது. ஒரு வாடிக்கையாளர் தர வேண்டிய 6 லட்சம் பழைய ஐந்தொகையில் இருந்தது. இவற்றைக் குறிப்பிட்டு, முன்பு சொன்ன 250-ஆவது பிரிவின்படி இவை இன்னும் கம்பெனிக்குச் சேர வேண்டியவையே, முதலில் இங்கே கேளுங்கள் என்று எழுதினோம். ‘அவர்களிடம் எதுவும் இல்லை’ என்று இயக்குநரே எழுதிக் கொடுத்தால், துறை நிரூபிக்க வேண்டியதை அவரே நிரூபித்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதில் நிரூபிக்கும் சுமை இயக்குநர் தலைமேல் இருக்கிறது. பெரும்பாலோர் இங்கே தொழில் எப்படி நலிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தொழில் ஏன் நஷ்டமானது என்பதோ, வரியை ஏன் கட்டவில்லை என்பதோ இங்கே கேள்வியல்ல. வரி வசூலாகாமல் போனதற்கு உங்கள் தவறு காரணமா என்பது மட்டுமே கேள்வி. குஜராத் உயர் நீதிமன்றம் 2012-இல் மகன்பாய் ஹன்ஸ்ராஜ்பாய் பட்டேல் வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. கம்பெனியின் இயந்திரங்களை உறவினர் பெயருக்கு மலிவாக மாற்றியவர், வரிக் கேட்பு வந்த பிறகு பணத்தைத் தாம் எடுத்துக்கொண்டவர் போன்றோருக்கு இந்த வாசல் அடைபடும்.

நண்பரின் விஷயத்தில் காலவரிசையே வாதமாக அமைந்தது. அவர் விலகியபோது தொழிற்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய தணிக்கை செய்த ஐந்தொகையில் இயந்திரமும் சரக்கும் இருந்தன. வங்கி ஏலம் விட்டது 2017-இல். 18 லட்சம் என்று வரி நிர்ணயிக்கப்பட்டதே 2017 டிசம்பரில். அதாவது அந்தக் கேட்பு பிறந்தபோது சொத்து ஏற்கெனவே ஏலத்தில் போயிருந்தது. அவருக்கோ அப்போது கம்பெனிக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமே இல்லை. ஏல அறிவிப்பு, ஐந்தொகை, கையெழுத்து அதிகாரம் மாறியதற்கான வங்கிக் கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்தோம்.

ஓர் எச்சரிக்கையை இடையில் சொல்லிவிடுகிறேன். தனியார் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதால் மனைவியையோ தாயாரையோ சேர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோட்டீஸ் வந்ததும், எனக்கு ஒன்றுமே தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதுவார்கள். அந்த வாக்கியத்தையே அலட்சியத்துக்குச் சாட்சியாக அதிகாரி எடுத்துக்கொள்ள முடியும். அவருக்குச் சம்பளமோ கடனோ தரப்படவில்லை, வங்கி அதிகாரம் இல்லை, சொத்து கைமாறியதில் பங்கு இல்லை என்று செய்திகளாக எழுதுவது அதைவிட நல்லது.

பதிலின் வடிவம் எளிதானது. முதலில் நோட்டீசில் உள்ள ஆவண அடையாள எண்ணை வருமான வரித் தளத்தில் இட்டு, அது மெய்யானதுதானா என்று பாருங்கள். பத்து நாள் போதாவிட்டால் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே கூடுதல் அவகாசம் கேட்டு எழுதுங்கள். மௌனமாக இருந்தால் ஒருதலையாக உத்தரவு வரும். அதன் பின் உங்கள் சொந்த வங்கிக் கணக்கு முடங்கலாம். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். இணைய வழியில் அனுப்பினாலும், அலுவலகத்தில் ஒரு பிரதியைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வது என் பழக்கம்.

பதிலை ஏற்காமல் உத்தரவு வந்தால், வருமான வரிச் சட்டத்தின் 264-ஆவது பிரிவில் முதன்மை ஆணையரிடம் மறுசீராய்வு கேட்கலாம். அதற்கு ஓராண்டு அவகாசம், கட்டணம் 500 ரூபாய். விசாரணையே தராமல் உத்தரவிட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். சரக்கு சேவை வரிப் பாக்கிக்கும் அந்தச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு ஏறத்தாழ இதே சொற்களில் இருப்பதால், இந்த மூன்று கேள்விகளும் அங்கும் பொருந்தும்.

நண்பரின் வழக்கில், 31 லட்சத்தை அதிகாரி விசாரணையிலேயே கைவிட்டார். DIR-12 சலானை இருமுறை திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். 18 லட்சத்துக்கு மட்டும் உத்தரவு போட்டார். ஏல ஆவணங்களைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை. அதையே காரணமாகக் காட்டி மறுசீராய்வுக்குப் போனோம். முதன்மை ஆணையர் உத்தரவை நீக்கி, மின்வாரிய வைப்புத்தொகையையும் வாடிக்கையாளர் பாக்கியையும் முதலில் வசூலித்துப் பார்க்கும்படி அதிகாரிக்கே கோப்பைத் திருப்பி அனுப்பினார். நன்றி, வணக்கம்.