மழைத்தண்ணி எத்தனை லாரியை நிறுத்துச்சு? எங்க அபார்ட்மெண்ட் கணக்கு

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா, பின்னாடி மோட்டார் ஓடிட்டு இருக்கு, அதான் கொஞ்சம் இரைச்சல். போன வீடியோல மொட்டை மாடி பைப்பை காட்டினேன்ல, அதுக்கு கீழ நிறைய பேர் ஒரே கேள்விதான், ப்ரோ இதுல எவ்ளோ காசு மிச்சம்னு. நானும் சொல்லிடலாம்னு உக்காந்தேன், ஆனா கணக்கு போட போட நானே முதல்ல மீட்டிங்ல சொன்னது தப்புன்னு தெரிஞ்சுது, அதனால அந்த தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்களோடது சென்னைல 24 வீடு. மொட்டை மாடி 400 சதுர மீட்டர், அதாவது 4300 சதுர அடி. சென்னைக்கு வருஷத்துக்கு சராசரியா 1400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர், அவ்ளோதான் சூத்திரம். தரை உறிஞ்சுறது, ஆவியாகுறது, தெறிச்சு வெளிய போறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சிட்டா 4,48,000 லிட்டர் வருது. 12,000 லிட்டர் லாரில 37 லோடு, எங்களுக்கு ஒரு லோடு 1800 ரூபா, ஆக 67,000 ரூபா மிச்சம்னு போர்டுல எழுதி எல்லாரையும் கை தட்ட வச்சேன். பொருளாளர் சார் மட்டும் கை தட்டல. தம்பி, ஐப்பசி கார்த்திகைல நாம எங்க லாரி வாங்குறோம்னு ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, முடிஞ்சுது.

அவர் கேட்டது ரொம்ப கரெக்ட். நம்ம ஊர் மழைல பெரும்பங்கு, சுமாரா 850 மில்லிமீட்டர், அக்டோபர்ல இருந்து டிசம்பர்குள்ள கொட்டிடுது. அப்ப போர்ல தண்ணி நல்லாவே இருக்கு, லாரியே கிடையாது. அந்த மாசத்துல மழைத்தண்ணிய பிடிச்சு சம்புல விட்டா என்ன மிச்சம்? போர் மோட்டார் ஓடுற கரண்ட்டு மட்டும்தான். தண்ணி 60 மீட்டர் கீழ இருக்குன்னு வச்சா 1000 லிட்டர் மேல ஏத்த கிட்டத்தட்ட 0.4 யூனிட் ஆகும், 3 ரூபா வரும். அதே 1000 லிட்டர் லாரில வந்தா 150 ரூபா. பாத்தீங்களா, ஒரே மழைத்தண்ணி, பெய்ற மாசத்தை பொறுத்து 3 ரூபாவும் ஆகுது 150 ரூபாவும் ஆகுது. அந்த மூணு மாசம் 2,72,000 லிட்டர் பிடிச்சாலும் நமக்கு நிக்கிறது 800 ரூபா சொச்சம்.

அப்ப 150 ரூபா தண்ணி எப்ப பெய்யுதுன்னு பாத்தேன். எங்க லாரி நோட்டை எடுத்தேன், வாட்ச்மேன் அண்ணன் தேதி போட்டு எழுதி வச்சிருப்பார், நல்ல மனுஷன். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 90 லோடு. ஒரு நாளைக்கு எங்களுக்கு 11,000 லிட்டர் வேணும், போர் அப்ப பாதிதான் தரும், மிச்சத்துக்கு ரெண்டு நாளைக்கு ஒரு லாரி. இந்த காலத்துக்குள்ள ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சென்னைல தென்மேற்கு பருவ மழை சுமாரா 440 மில்லிமீட்டர் பெய்யுது, சாயங்காலம் இடி இடிச்சு ஒரு மணி நேரம் கொட்டிட்டு போகும்ல, அது. இதைத்தான் நாம யாரும் மழைன்னே கணக்குல எடுக்கிறதில்ல! அதுல நம்ம மாடிக்கு 1,40,000 லிட்டர். ஒவ்வொரு மழைலயும் முதல் அழுக்குத் தண்ணிய வெளிய விடணும், அதுல ஒரு 12,000, நிரம்பி வழியறது கொஞ்சம், இதெல்லாம் போக 1,20,000 கைல நிக்கும்னு வச்சுக்கங்க. பத்து லாரி. 18,000 ரூபா. மீட்டிங்ல நான் சொன்ன 67,000 எங்க, இது எங்க.

இந்த 18,000ல இருந்து மாடி கூட்டுறது, ஃபில்டர் ஜல்லி கழுவுறதுக்கு ஆள் கூலி வருஷம் 4000 கழிச்சா 14,000. இப்பதான் செலவு பக்கம் வரணும். 20,000 லிட்டருக்கு தனியா கான்கிரீட் தொட்டி கட்ட எங்களுக்கு கொட்டேஷன் 3 லட்சம் வந்துச்சு, அது திரும்பி வர 21 வருஷம் ஆகும், அதுக்குள்ள நான் கிழவன் ஆயிடுவேன். அதுவே ஏற்கெனவே இருக்கிற 30,000 லிட்டர் சம்புக்கே பைப் இழுத்து, ஃபில்டர் போட்டு விட்டதுக்கு ஆன செலவு 45,000. மூணு வருஷம் சொச்சத்துல வந்துடும். அதனால எங்க பில்டிங்ல தொட்டி கட்டல. உங்ககிட்ட சம்பே சின்னதுன்னா கணக்கு மாறும், அது வேற.

ஆனா சம்புல விடுறதுல ஒரு வில்லங்கம் இருக்கு, முதல் ஜூலைல நல்லா அடி வாங்கினோம். சாயங்காலம் லாரி வந்து சம்பை வாய் வரைக்கும் நிரப்பிட்டு போச்சு, ராத்திரி 40 மில்லிமீட்டர் மழை, அவ்ளோ தண்ணியும் ஓவர்ஃப்ளோ பைப்ல தெருவுக்கு. மறுநாள் காலைல நான் போய் பாத்து தலைல கை வச்சு நின்னேன். 1800 ரூபா கொடுத்து மழைக்கு இடம் இல்லாம பண்ணிருக்கோம்.

அதுக்கப்புறம் சம்பு சுவத்துல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டோம். சம்பு உள் அளவு 5 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 2 மீட்டர். அடில இருந்து 60 சென்டிமீட்டருக்கு கீழ தண்ணி இறங்கினாத்தான் லாரிக்கு ஃபோன். லாரி ஊத்தினா 80 சென்டிமீட்டர் ஏறும், அப்பவும் மேல 60 காலியா இருக்கும், அதுல 9000 லிட்டர் பிடிக்கும், 28 மில்லிமீட்டர் மழை வரைக்கும் சொட்டு வீணாகாது. கோட்டுக்கு கீழ மிச்சம் இருக்கிறதும் 9000 லிட்டர்தான், அது ஒரு நாளைக்கு கூட வராதேன்னு ரெண்டாவது மாடி அக்கா சண்டைக்கு வந்தாங்க, பயம் நியாயம்தான், ஆனா போரும் கூட ஓடுது, மேல டேங்க்லயும் இருக்கு. அன்னிக்கே லாரி வந்துடுற நாள்லதான் இது ஓடும், மே மாசம் மாதிரி ரெண்டு நாள் முன்னாடியே புக் பண்ணணும்னா கோட்டை உயர்த்தித்தான் ஆகணும், மே மாசம் மழையும் பெரும்பாலும் இல்ல, அதனால பரவால்ல.

இந்தக் கோட்டால இன்னொன்னும் வெளிய வந்துச்சு, இதை நான் எதிர்பாக்கவே இல்ல. 12,000 லிட்டர் லாரி 80 சென்டிமீட்டர் ஏத்தணும்ல, மோட்டாரை நிறுத்திட்டு அளந்தா ஏறினது 70. அதாவது 10,500 லிட்டர். அப்போ 1000 லிட்டர் 150 இல்ல, 171 ரூபா. ரெண்டு மூணு தடவை அளந்து பாத்துட்டுதான் லாரிக்காரர்கிட்ட சொன்னோம், வால்வு அடில மிச்சம் நின்னுடுச்சு சார்னு சொன்னார், அடுத்த தடவைல இருந்து 78, 79 வருது. டேப்பு விலை 100 ரூபா. ஹார்வெஸ்டிங்கே பண்ணாட்டியும் இதை மட்டும் பண்ணிடுங்க.

சரி, அக்டோபர் டிசம்பர் தண்ணி 3 ரூபா தண்ணின்னு சொன்னேன்ல, அதை விட்டுடறதான்னா இல்ல. அதை அப்பவே குடிச்சாத்தான் 3 ரூபா. மண்ணுக்குள்ள இறக்கி ஏப்ரல்ல எடுத்தா அது லாரி தண்ணி விலைக்கு சமம். சம்போட ஓவர்ஃப்ளோவ தெருவுக்கு விடாம 3 அடி அகல உறை இறக்கின 12 அடி ரீசார்ஜ் கிணத்துல விட்டோம், செலவு 35,000. தமிழ்நாட்டுல 2003லயே எல்லா கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆச்சு, எங்க பில்டிங்லயும் ஒரு குழி இருந்துச்சு, திறந்து பாத்தா முழுக்க மண்ணு, மேல ஒரு செடி வேற!

தோண்டுறதுக்கு முன்னாடி மண்ணை பாருங்க. நாங்க ஒரு சின்ன குழி தோண்டி தண்ணி ஊத்தி நேரம் பாத்தோம், அரை மணில வத்திடுச்சு, அடில மணல். மறுநாள் வரைக்கும் நிக்குதுன்னா களி, அங்க 12 அடி கிணறு வெறும் கொசுத் தொட்டிதான், களியை தாண்டி மணலோ சரளையோ வர்ற வரைக்கும் போகணும். அப்புறம், தயவு செஞ்சு மாடி பைப்பை நேரா போர் கேசிங்குக்குள்ள விடாதீங்க, ஈஸின்னு நிறைய பேர் பண்றாங்க, பறவை எச்சமும் சேறும் நேரா நிலத்தடி தண்ணிக்கு போகும், கீழ தண்ணி ஊறி வர்ற பாறை வெடிப்பும் அடைச்சுக்கும், போரை காப்பாத்த போய் போரையே கொன்னுடுவீங்க.

இதோட பலனை எப்படி அளக்குறதுன்னா, முதல் லாரி வந்த தேதி. முன்னாடி வருஷம் ஏப்ரல் 2, கிணறு போட்டப்புறம் ஏப்ரல் 24. 22 நாள், 11 லோடு, 19,800 ரூபா. ரெண்டு வருஷமும் மழை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒரே ஒரு வருஷத்தை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன், கீழ இருக்கிற தண்ணிக்கு காம்பவுண்ட் சுவர் கிடையாது, பக்கத்து பில்டிங்காரங்க அந்த வருஷம் கம்மியா உறிஞ்சிருந்தாலும் தேதி தள்ளிப் போகும். அதனால மாசா மாசம் போர்ல தண்ணி மட்டத்தையும் அளந்து எழுதுறோம், காலைல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி.

இன்னொரு போர் போட்டா என்னன்னு கேட்டவங்களுக்கு. எங்களுக்கு 2 லட்சத்துக்கு மேல சொன்னாங்க. முதல்ல, சென்னைல கிணறு, போர் தோண்ட அனுமதி வாங்கணும், 1987ல இருந்தே சட்டம் இருக்கு. அப்புறம் போர் வண்டிக்காரர் ரெண்டு இஞ்ச் தண்ணின்னு சொல்வார், அது கம்ப்ரசர் காத்து தள்ளி வெளிய வர்ற தண்ணி, தொடர்ந்து எடுத்தா நிக்குமாங்கிறது அதுல தெரியாது. நம்ம பழைய போர்லயே மே மாசம் 200 லிட்டர் டிரம் வச்சு நேரம் பாருங்க, முதல் டிரம் 4 நிமிஷம், ரெண்டு மணி நேரம் கழிச்சு 9 நிமிஷம், இடையில குழாய் காத்து கக்கும். அதே காம்பவுண்ட்ல அதே ஆழத்துல இன்னொன்னு போட்டா புதுத் தண்ணி வராது, ஒரே டம்ளர்ல ரெண்டு ஸ்ட்ராதான்.

ஒண்ணு மட்டும் என் கணக்குக்கு எதிரா நானே சொல்லிடறேன். 2018ல வடகிழக்கு மழை ஏமாத்தி 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வத்தினப்ப லாரி விலை எகிறுச்சுல்ல, அந்த மாதிரி வருஷத்துல ஒரு லிட்டரோட மதிப்பு ரொம்ப ஜாஸ்தி, ஆனா பிடிக்க மழை இருக்காது, மண்ணுக்குள்ளயும் முந்தின வருஷம் எதுவும் இறங்கிருக்காது. அதனால அந்த வருஷ லாரி விலையை எடுத்து சாதா வருஷ மழையோட பெருக்கி காட்டுற விளம்பரத்தை நம்பாதீங்க.

மேல இருட்டிட்டு வருது, பாருங்க. முதல் அழுக்குத் தண்ணி சேர்ற பழைய 500 லிட்டர் டேங்க்கை போன மழைக்கப்புறம் யாரும் காலி பண்ணல, அது நிரம்பியே இருந்தா இந்த மழையோட அழுக்கு நேரா சம்புக்குதான் போகும். கேமராவை அப்படியே வச்சிட்டு வால்வு திறந்துட்டு வர்றேன்.