கழுத்துக் கருமையும் மூன்று சோதனைகளும்

நேயர்களுக்கு வணக்கம். உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு நீரிழிவின் முன்நிலை இருக்கிறதா என்று எப்போது, எந்தச் சோதனையால் பார்ப்பது என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசுகிறேன்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, எடை கூடிய பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்தாலோ, அதற்கு முன்பே பருவமடையும் மாற்றங்கள் தொடங்கினாலோ, கூடவே பெற்றோர் அல்லது தாத்தா பாட்டிக்கு நீரிழிவு, கர்ப்பத்தின்போது தாய்க்கு இருந்த சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் போன்ற ஆபத்துக் காரணிகளில் ஒன்றேனும் இருந்தால் சோதிக்க வேண்டும். பின்கழுத்தில் படரும் வெல்வெட் போன்ற கருமையும் அவற்றுள் ஒன்று. அதை அழுக்கென்று எண்ணி நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய பிறகே அழைத்து வரும் வீடுகள் உண்டு.

சோதனைகள் மூன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் முன்நிலை எனக் கொள்ளப்படும். குளுக்கோஸின் அளவு கிலோவுக்கு 1.75 கிராம், ஆனால் எவருக்கும் 75 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த எல்லைகள் பெரும்பாலும் பெரியவர்களை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றும் ஒரே பிள்ளையைச் சுட்டுவதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். எடுத்துக்காட்டாக, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் எடை 60 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர், தந்தைக்கு நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 94. இதோடு நிறுத்தினால் கவலையில்லை என்று அனுப்பிவிடுவோம். எச்பிஏ1சியோ 6.0. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் அவளுக்குச் சோகை, ஹீமோகுளோபின் 9 கிராம்தான். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் தங்கி, கூடுதலாகச் சர்க்கரை ஏற்பதால், அந்த எண் உண்மையைவிட உயர்ந்து தெரியலாம். மாறாக, சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோயுள்ள பிள்ளைக்கு அது பொய்யாகக் குறைந்து காட்டும். ஆகவே எச்பிஏ1சியை மட்டும் நம்பாமல் அவளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்தில் 152. முன்நிலை என்று சொல்ல இந்த எண்ணே காரணம், 6.0 அல்ல. இரும்புச்சத்து மருந்து கொடுத்துச் சோகை சரியான பின் எச்பிஏ1சியை மீண்டும் எடுத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இதிலும் ஓர் எச்சரிக்கை உள்ளது. குளுக்கோஸ் சோதனையை வேறொரு நாளில் செய்தால் அதே பிள்ளைக்கு வேறு எண் வரக்கூடும். பருவ வயதில் இயல்பாகவே இன்சுலினின் வேலைத்திறன் குறைந்து பின்னர் மீள்வதால், இந்நிலை சிலருக்குத் தானாகவே மறைகிறது. அதனால் அந்தச் சிறுமிக்கு நான் உடனே மாத்திரை எழுத மாட்டேன். உணவையும் விளையாட்டையும் பற்றிக் குடும்பத்தோடு பேசிவிட்டு, ஓராண்டில் அதே சோதனைக்கு மறுபடியும் வரச் சொல்வேன். இடையில் தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தோன்றினால் ஓராண்டு காத்திராமல் அன்றே அழைத்து வர வேண்டும்.