பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு முதலில் ஒரு கடிதம்

[திரையில்: ஒரு வாட்ஸ்அப் செய்தி]

"துபாய், ஏசி டெக்னீசியன். சம்பளம் 1,500 திர்ஹாம். ரூம் ஃப்ரீ. நாளைக்குள் 40,000 அட்வான்ஸ் போட்டால் சீட் கன்ஃபர்ம்."

ஐடிஐ முடித்துவிட்டு புதுக்கோட்டையில் ஏசி வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு இந்தச் செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம். கம்பெனி பெயர் இல்லை. ஒப்பந்தம் இல்லை. கேட்டால், "பணம் கட்டு, பேப்பர் தானாக வரும்" என்கிறார் ஏஜெண்ட். வீட்டில் நகையை அடகு வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை யாருக்கு அனுப்புவது, அதில் என்ன கேட்பது, வரும் பதிலை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: emigrate.gov.in]

முதலில் முகவரி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இந்தத் தளத்தில் இருக்கிறது. பெயரைத் தேடினால் உரிமம் நடப்பில் உள்ளதா, காலாவதியா, நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

பெயர் பட்டியலில் இருந்தாலும் ஏமாற இடம் உண்டு. உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வாட்ஸ்அப்பில் பணம் கேட்கலாம். அதனால் செய்தி வந்த நம்பருக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள். அரசுப் பட்டியலில் அந்த நிறுவனத்துக்கு எந்த மின்னஞ்சலும் தொலைபேசியும் போட்டிருக்கிறதோ, அங்கே அனுப்புங்கள். "அந்த ஆள் எங்களிடம் வேலை செய்யவில்லை" என்று பதில் வந்தால், 40,000 ரூபாய் அந்த இடத்திலேயே தப்பித்தது.

[திரையில்: கடிதம், வரி வரியாக]

பொருள்: துபாய் ஏசி டெக்னீசியன் வேலை – ஒப்பந்தமும் முதலாளி விவரமும் வேண்டி

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இம்மாதம் 4ஆம் தேதி ஒருவர் என்னிடம் வாட்ஸ்அப்பில் பேசினார். மாதச் சம்பளம் 1,500 திர்ஹாம், முன்பணம் 40,000 ரூபாய் என்றார். அவருடைய எண்ணைக் கீழே கொடுத்துள்ளேன். அவர் உங்கள் ஊழியர்தானா என்று தெரிவிக்கவும்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்குத் தேவையானவை: முதலாளி நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி. அவர்கள் உங்களுக்குக் கொடுத்த டிமாண்ட் லெட்டர், பவர் ஆஃப் அட்டர்னி நகல்கள். என் பெயரில் உள்ள ஆஃபர் லெட்டர். அதில் அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், தங்குமிடம், சாப்பாடு, ஒப்பந்தக் காலம், திரும்பி வரும் டிக்கெட் ஆகியவை இருக்க வேண்டும். விசா எந்த வகை என்பதையும், உங்கள் கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம் என்பதையும் எழுத்தில் தரவும்.

இவற்றைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுவேன். பாஸ்போர்ட் நகல் மட்டும் இப்போது தர முடியும். அசல் தர இயலாது.

இப்படிக்கு,

[குரல்]

கடிதம் அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பேசிய தேதியையும் தொகையையும் முதல் பத்தியிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. வாய்ப்பேச்சாக இருந்தது இப்போது எழுத்தாகிவிட்டது. நாளைக்குப் புகார் கொடுக்க நேர்ந்தால் இந்த மெயிலே உங்கள் கையில் உள்ள முதல் ஆவணம்.

சரி, டிமாண்ட் லெட்டர் என்பது என்ன? எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்று முதலாளி ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தாள். "எங்களுக்காக ஆள் எடுக்க இவருக்கு அதிகாரம்" என்று சொல்வது பவர் ஆஃப் அட்டர்னி. இந்த இரண்டும் கையில் இல்லாமல் ஒருவர் உங்களை அந்த வேலைக்கு எடுக்கிறார் என்றால், யாருக்காக எடுக்கிறார் என்றே தெரியாது.

[திரையில்: 1,500 = 800 + 700]

அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகக் கேட்டிருக்கிறோம், கவனித்தீர்களா? 1,500 என்று வாயால் சொல்வார்கள். தாளில் அடிப்படை 800, மீதி 700 படி என்று இருக்கலாம். மாதாமாதம் கையில் வருவது அதேதானே என்று தோன்றும். ஆனால் அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு வேலையை விட்டுக் கிளம்பும்போது, முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். 1,500ம் அடிப்படை என்றால் ஆண்டுக்கு 1,050 திர்ஹாம். 800 என்றால் 560தான். ஓவர்டைம் கணக்கும் அடிப்படையை வைத்துத்தான். தம்பிக்கு இதை விமானம் ஏறும் முன் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

[திரையில்: மூன்று பதில்கள்]

இனி பதில்கள். முதல் வகை, எழுத்தில் எதுவும் வராது, போன் வரும். "என்ன தம்பி, என்மேல் நம்பிக்கை இல்லையா? உன் இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள்." கோபப்பட வேண்டாம். "சரி அண்ணே, மெயிலில் அனுப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அனுப்பவில்லை என்றால் அந்த வேலையை மறந்துவிடலாம்.

இரண்டாவது வகை கொஞ்சம் நயமானது. "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்." விசிட் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளம் தராவிட்டால் தொழிலாளியாகப் போய்ப் புகார் சொல்லவும் வழி குறைந்துவிடும். அதற்காகத்தான் கடிதத்தில் விசா வகையைக் கேட்டோம்.

மூன்றாவது, ஆஃபர் லெட்டரே வந்துவிட்டது. அப்போதும் உடனே பணம் போடாதீர்கள். அமீரகத்தில் ஆஃபர் லெட்டர் தொழிலாளர் அமைச்சகமான MOHRE மூலம் வர வேண்டும். அரபி, ஆங்கிலம் தவிரத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. எனவே "தமிழில் எல்லாம் தர மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாளில் உள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் போட்டுப் பாருங்கள். கம்பெனியின் தொலைபேசி எண்ணை ஏஜெண்ட் தந்த தாளிலிருந்து எடுக்காமல், நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்திலும் கேட்கலாம்.

[திரையில்: 30,000 + 5,400 = 35,400]

எல்லாம் சரியாக இருந்தால்தான் கட்டணப் பேச்சு. உரிமம் பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்கு வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. தம்பியிடம் அட்வான்ஸாகவே 40,000 கேட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். அதற்குமேல் டிக்கெட், மெடிக்கல் என்று எதைச் சொன்னாலும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், தனிநபரின் ஜிபே நம்பரில் வேண்டாம். உரிம எண் அச்சிட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீது தர மறுத்தால், கடிதம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்துச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். emigrate தளத்திலேயே புகாரும் பதியலாம்.

[திரையில்: கடிதத்தின் மாதிரி, 10 வினாடி]

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் கடிதத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நாட்டையும் வேலையையும் தொகையையும் மட்டும் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் போதும்.