தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்கு

நேயர்களுக்கு வணக்கம். தைராய்டு நோய் வந்து குணமான தாயின் ரத்தத்திலிருந்து கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு வரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1956ஆம் ஆண்டு டங்கன் ஆடம்ஸ், ஹெர்பர்ட் பர்வ்ஸ் என்ற இருவர் கினிப்பன்றிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நம் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தானாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அதை வேலை செய்யச் சொல்கிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் டி.எஸ்.எச். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே அவர்கள் நோக்கம். கினிப்பன்றியின் தைராய்டில் கதிரியக்க அயோடினைச் சேர்த்துவிட்டு, நோயாளியின் ரத்தநீரை ஊசியில் செலுத்தினார்கள். சுரப்பியிலிருந்து எவ்வளவு அயோடின் ரத்தத்துக்கு வருகிறது என்று பார்த்தார்கள்.

உண்மையான டி.எஸ்.எச். செலுத்தினால் சுமார் 3 மணி நேரத்தில் உச்சம் வந்து, பிறகு தணிந்துவிடும். இந்த நோயாளியின் ரத்தநீரோ 16 மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தைக் காட்டியது. அப்படியானால் தைராய்டை உசுப்பியது டி.எஸ்.எச். இல்லை, வேறு ஏதோ ஒன்று. அது ஓர் ஆன்டிபாடி என்பது பிந்தைய ஆண்டுகளில் தெளிவானது.

கிருமிகளைப் பிடிப்பதற்காக உடல் உண்டாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. சில சமயம் அது நம் சொந்த உறுப்பையே குறி வைத்துவிடும். தைராய்டு செல்லின் மேற்பரப்பில் டி.எஸ்.எச். வந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. அதை ஏற்பி என்பார்கள். வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியின் பொத்தான் மாதிரி அது. டி.எஸ்.எச். அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடும். தைராய்டை மிகையாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயில் உண்டாகும் ஆன்டிபாடி அழுத்தியபடியே நிற்கும். உடலில் தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டால் பிட்யூட்டரி தன் பங்குக்கு டி.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்திவிடும். ஆனால் இந்த ஆன்டிபாடிக்குக் கட்டளையிட யாரும் இல்லை. அதனால்தான் நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறக்குறைய இல்லாமலும், தைராய்டு ஹார்மோன் மிக அதிகமாகவும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு நோய், தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வந்து தசையின் ஏற்பியில் சேர்ந்தால்தான் தசை சுருங்கும். இங்கே ஆன்டிபாடி அந்த ஏற்பியின் மீதே உட்காருகிறது. 1973இல் அமெரிக்காவில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்சார விலாங்கு மீனிலிருந்து இந்த ஏற்பியைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஆய்வுக்கு வேண்டிய ஆன்டிபாடி கிடைக்கும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. முயல்களோ தளர்ந்து விழுந்தன. மயஸ்தீனியா நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் சற்று நேரம் எழுந்து நடமாடின. அந்த நோயின் மூலம் அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

பலரும் நினைப்பதுபோல, இந்த ஆன்டிபாடி ஏற்பியை மறைத்து நிற்பது மட்டும் பெரிய கேடு அல்ல. இரண்டு ஏற்பிகளை ஒரே ஆன்டிபாடி இரு கைகளால் சேர்த்துப் பிடிக்கும்போது, தசை அவற்றை உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி வந்து அந்தப் பரப்பையே சிதைப்பதும் உண்டு. ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைந்துபோகிறது. அதனால்தான் காலையில் தெம்பாக இருப்பவருக்கு மாலையில் இமை தாழ்கிறது, சோற்றை மெல்ல மெல்லத் தாடை ஓய்ந்துபோகிறது.

இந்த இரண்டு நோய்களிலும் குற்றவாளி ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிதான் என்பதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. அது பிறந்த குழந்தை. தாயின் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடி தேடிப் பிடித்துக் குழந்தைக்குக் கடத்துகிறது. குழந்தையைக் கிருமிகளிலிருந்து காப்பதற்கான ஏற்பாடு அது. நல்லது எது, கெட்டது எது என்று அதற்குத் தெரியாது. மயஸ்தீனியா உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் 10 முதல் 20 வரை சில நாள்களுக்குள் பலவீனமாகிவிடுகின்றன. அழுகை ஈனமாக ஒலிக்கும், பால் உறிஞ்ச முடியாது, மூச்சும் திணறலாம். தாயின் நோய் லேசாக இருந்தாலும் இது வரலாம். அதனால் முதல் சில நாள்கள் குழந்தையைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். சில வாரங்களில் தாயின் ஆன்டிபாடி குழந்தையின் உடலை விட்டுப் போய்விடும், தசையும் புது ஏற்பிகளைச் செய்துகொள்ளும்.

கிரேவ்ஸ் நோயில் இன்னும் ஏமாற்றும் ஒரு நிலைமை உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கிரேவ்ஸ் நோய்க்காக அறுவை செய்து தைராய்டை எடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் தைராக்சின் மாத்திரை போடுகிறார். டி.எஸ்.எச். அளவு சரியாக இருக்கிறது. கர்ப்பமானதும் மருத்துவமனையில் கேட்கிறார்கள், அவரும் "தைராய்டு முன்னாடி இருந்துச்சுங்க, ஆபரேஷன் பண்ணியாச்சு, இப்ப எல்லாம் நார்மல்" என்கிறார். அட்டையில் "தைராக்சின் எடுக்கிறார்" என்று மட்டும் எழுதப்படுகிறது. சாதாரண தைராய்டு குறைபாடு உள்ள பெண்ணுக்கும் இதே வரிதான்.

28ஆவது வாரத்தில் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு 180. இயல்பு 110 முதல் 160 வரைதான். வேறொரு நாள் பார்த்தாலும் அதே வேகம். குழந்தையின் கழுத்தில் சிறு வீக்கம், எடையும் குறைவு. சுரப்பியை எடுத்துவிட்டார்கள், ஆன்டிபாடியை உண்டாக்கும் செல்களை யாரும் எடுக்கவில்லை. தாயின் உடலில் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லாததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சுமார் 20ஆவது வாரத்திலிருந்து முழுமையாக இயங்கத் தொடங்கிய குழந்தையின் தைராய்டு முழு அடியையும் வாங்குகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு ஆன்டிபாடி அளவு ஓராண்டு வரை ஏறக்கூட ஏறும்.

கண்டுபிடிக்க வழி எளிது. ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடியை அளக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கிரேவ்ஸ் நோய் எப்போது வந்திருந்தாலும், சுரப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் 18 முதல் 22 வாரங்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் குழந்தையை ஸ்கேனில் தொடர்ந்து கவனிப்பார்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்குக் கார்பிமசோல் கொடுப்பார்கள். தைராய்டே இல்லாத பெண்ணுக்குத் தைராய்டை அடக்கும் மருந்தா என்று வீட்டில் பதறுவார்கள். அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், குழந்தையின் சுரப்பியை அடக்கும். தாய்க்குத் தைராக்சின் வழக்கம்போல் தொடரும்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு பொறி காத்திருக்கிறது. பிறந்த அன்று குழந்தை நன்றாகவே தெரியும், ஏனென்றால் தாயின் கார்பிமசோல் இன்னும் அதன் ரத்தத்தில் இருக்கும். அது சில நாள்களில் தீர்ந்துவிடும், ஆன்டிபாடியோ பாதியாகக் குறையவே சுமார் மூன்று வாரம் ஆகும். வீட்டுக்குப் போன பிறகு குழந்தை நிறையப் பால் குடித்தும் எடை ஏறாது, தூங்காமல் துடிக்கும், வியர்க்கும், நெஞ்சு படபடவென அடிக்கும். எனவே முதல் வாரத்தில் 3ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் ஒருமுறை, 10ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் மறுமுறை தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும். முதல் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மிகையாக இருந்தால் குழந்தைக்கே மருந்து கொடுப்போம். பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் ஆன்டிபாடி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடலாம்.

தைராய்டு அறுவை செய்துகொண்டவர்களோ, அயோடின் சிகிச்சை பெற்றவர்களோ கர்ப்பமானால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் "எனக்குக் கிரேவ்ஸ் நோய் இருந்தது" என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பழைய அறிக்கை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

நன்றி, வணக்கம்.